டி சோதனையா, கை-வர்க்கச் சோதனையா: கேள்வியின் வாசகத்தில் எதைப் பார்ப்பது?

கேள்வி: “இரண்டு சோதனைகளின் சூத்திரமும் எனக்கு மனப்பாடம். ஆனால் தேர்வுத்தாளில் கேள்வியைப் படித்ததும் எதைப் போடுவது என்று குழம்பிவிடுகிறேன். ‘வேறுபாடு’ என்று வந்தால் டி, ‘தொடர்பு’ என்று வந்தால் கை-வர்க்கம் என்று ஒரு குறுக்குவழி வைத்திருந்தேன். பாதிக் கேள்விகளில் அது காலை வாருகிறது. வாசகத்தை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது?”

உங்கள் குறுக்குவழி காலை வாருவதில் வியப்பில்லை. ‘வேறுபாடு’, ‘தொடர்பு’ இரண்டுமே கேள்வியின் கடைசி வரியில் வரும் சொற்கள். எந்தச் சோதனை என்பது பெரும்பாலும் அதற்கு முந்தைய வரிகளிலேயே முடிவாகிவிடுகிறது. தரவு எப்படிச் சேர்க்கப்பட்டது என்று சொல்லும் வரிகள் அவை. அங்கே கண்டுபிடிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: ஆய்வுக்கு உட்பட்ட ஒரே ஒரு ஆளை, அல்லது ஒரே ஒரு செடியை, ஒரே ஒரு பொருளைத் தனியே எடுத்துக்கொண்டால், அதைப் பற்றி ஆய்வாளர் தன் பதிவேட்டில் என்ன எழுதியிருப்பார்? 62.4 செ.மீ. என்பது போல அளந்த எண்ணையா, அல்லது ‘தேறியது’, ‘தேறவில்லை’ என்பது போல ஒரு வகைப் பெயரையா? அளந்த எண் என்றால் அதற்குச் சராசரி உண்டு, பேச்சு டி சோதனைப் பக்கம் போகும். வகைப் பெயர் என்றால் சராசரி எடுக்க வழியில்லை, எத்தனை பேர் எந்த வகையில் என்று எண்ணத்தான் முடியும். அந்த எண்ணிக்கைகளை வைத்து வேலை செய்வது கை-வர்க்கம்.

இதை ஒரே ஆய்வை இரண்டு விதமாகக் கேள்வியாக்கிப் பார்த்தால் தெளிவாகும். அறுபது நாற்றுகள். முப்பதுக்கு உரம் அ, முப்பதுக்கு உரம் ஆ. ஆறு வாரம் கழித்து உயரம் அளக்கிறார்கள். முதல் கேள்வி இப்படி வருகிறது: “உரம் அ இட்ட 30 நாற்றுகளின் சராசரி உயரம் 62 செ.மீ., திட்டவிலக்கம் 10 செ.மீ. உரம் ஆ இட்ட 30 நாற்றுகளின் சராசரி 56 செ.மீ., திட்டவிலக்கம் 12 செ.மீ. 5% மிகைகாண் நிலையில் இரண்டு உரங்களின் விளைவில் வேறுபாடு உண்டா எனச் சோதிக்க.” பதிவேட்டில் ஒரு நாற்றுக்கு ஒரு வரி என்று கற்பனை செய்யுங்கள். அந்த வரியில் இரண்டு விவரம் இருக்கும்: எந்த உரம் (அ அல்லது ஆ), எவ்வளவு உயரம் (ஓர் எண்). ஒரு பக்கம் இரண்டே வகை, மறுபக்கம் அளவு. இரண்டு தனித்தனிக் குழுக்களின் சராசரியை ஒப்பிடும் டி சோதனைக்கு உரிய அமைப்பு இதுதான்.

```
t = (62 − 56) / √(10²/30 + 12²/30)
  = 6 / √8.133
  = 6 / 2.852
  = 2.10
```

இரண்டு குழுக்களிலும் எண்ணிக்கை சமம் என்பதால், பரவற்படியை ஒன்றுசேர்த்துக் கணக்கிடும் பாடநூல் முறையிலும் இதே 2.10தான் வரும். டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் 30 + 30 − 2 = 58. இருபக்கச் சோதனைக்கு அட்டவணை மதிப்பு ஏறத்தாழ 2.00. கணக்கிட்டது அதைத் தாண்டுகிறது. ஆகவே இன்மைக் கருதுகோளை மறுக்கலாம்.

இப்போது அதே நாற்றுகளை வைத்து இரண்டாவது கேள்வி: “54 செ.மீ.க்கு மேல் வளர்ந்த நாற்றுகள் நடவுக்குத் தகுதியானவை எனக் கொள்ளப்பட்டன. உரம் அ இட்ட 30இல் 24உம், உரம் ஆ இட்ட 30இல் 17உம் தகுதி பெற்றன. இரண்டு உரங்களுக்கும் இடையே வேறுபாடு உண்டா?” கடைசி வரி கிட்டத்தட்ட அதேதான். ‘வேறுபாடு’ என்ற சொல்லும் அப்படியே நிற்கிறது. செ.மீ. என்ற அலகுகூடக் கேள்வியில் இருக்கிறது. ஆனால் பதிவேட்டின் வரியைப் பாருங்கள்: எந்த உரம், தகுதியா இல்லையா. உயரம் அளக்கப்பட்டது உண்மை. ஆனால் நம் கைக்கு வந்து சேர்ந்தது உயரம் அல்ல, தகுதி என்ற முத்திரை மட்டுமே. சராசரியும் திட்டவிலக்கமும் எங்கும் தரப்படவில்லை, தந்திருக்கவும் முடியாது. எனவே இது கை-வர்க்கம்.

தேறியவை மொத்தம் 41, தேறாதவை 19. உரத்துக்கும் தகுதிக்கும் சம்பந்தமே இல்லை என்றால் ஒவ்வோர் உரத்திலும் 20.5 தேறியிருக்க வேண்டும், 9.5 தேறாமல் இருந்திருக்க வேண்டும். உண்மை எண்ணிக்கை நான்கு கட்டங்களிலும் இதிலிருந்து 3.5 விலகி நிற்கிறது.

```
χ² = 3.5²/20.5 + 3.5²/9.5 + 3.5²/20.5 + 3.5²/9.5
   = 0.598 + 1.289 + 0.598 + 1.289
   = 3.77
```

இரண்டுக்கு இரண்டு அட்டவணைக்கு டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் 1. அட்டவணை மதிப்பு 3.841. கணக்கிட்டது அதைவிடக் குறைவு, கருதுகோளை மறுக்க முடியாது. ஒரே நாற்றுகள், ஒரே உரங்கள், ஆனால் முடிவு மாறிவிட்டது. இதில் முரண்பாடு ஒன்றும் இல்லை. 55 செ.மீ. நாற்றையும் 80 செ.மீ. நாற்றையும் ‘தகுதி’ என்ற ஒரே சொல்லுக்குள் போட்டபோது அவற்றுக்கு இடையே இருந்த 25 செ.மீ. செய்தி தொலைந்துபோனது. செய்தி குறைந்ததால் சோதனையின் கண்டுபிடிக்கும் திறனும் குறைந்தது. ‘இரண்டில் எதைப் போட்டாலும் ஒன்றுதான்’ என்று நினைத்துவிட வேண்டாம் என்பதற்காகவே இந்தக் கணக்கை முழுதாகப் போட்டுக் காட்டினேன்.

இனி உங்கள் குறுக்குவழிக்கு வருவோம். முதல் கேள்வியின் கடைசி வரியை “உர வகைக்கும் நாற்றின் உயரத்துக்கும் தொடர்பு உண்டா?” என்று மாற்றி எழுதுங்கள். இப்போது ‘தொடர்பு’ வந்துவிட்டது. ஆனால் தரவு மாறவில்லை, சோதனையும் மாறாது. அது டிதான். இரண்டாவது கேள்வியின் கடைசி வரியை “உர வகையும் நடவுத் தகுதியும் ஒன்றையொன்று சார்ந்தவையா?” என்று மாற்றினாலும் அது கை-வர்க்கம்தான். இரண்டு குழுக்கள் வேறுபடுகின்றனவா என்பதும், குழு என்ற பண்புக்கும் விளைவுக்கும் தொடர்பு உண்டா என்பதும் ஒரே கேள்வியின் இரண்டு முகங்கள். ஆகவே வினாத்தாள் தயாரிப்பவர் எந்தச் சொல்லை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், அதில் பிழையும் இல்லை. ‘சார்பற்ற தன்மை’, ‘சார்பின்மை’ என்ற சொல் கை-வர்க்கக் கேள்விகளில் அடிக்கடி வரும் என்பது மெய்தான். ஆனால் ‘சார்பற்ற இரு மாதிரிகள்’ என்று டி சோதனைக் கேள்வியிலும் அதே சொல் வரும். அங்கே அது இரண்டு குழுக்களிலும் வேறு வேறு ஆட்கள் இருந்தார்கள் என்பதை மட்டுமே சொல்கிறது.

வாசகத்தில் அதிகம் பேரைக் கவிழ்ப்பது சதவீதம். 80%, 57% என்று எண்கள் தெரிந்ததும் “எண் இருக்கிறதே, இரண்டு சராசரிகள்தானே” என்று டி சோதனைக்குப் போகிறவர்கள் உண்டு. ‘அ உரமிட்ட 30 நாற்றுகளில் 80% தகுதி பெற்றன’ என்றால் அந்த 80% எந்த ஒரு நாற்றுக்கும் உரியதல்ல. ஒரு தனி நாற்று ‘80%’ என்று பதிவாகாது, ஆம் அல்லது இல்லை என்றே பதிவாகும். எனவே இது எண்ணிக்கைதான், கை-வர்க்கம்தான். அடுத்த தவறு இதைவிட நுட்பமானது: சோதனையைச் சரியாகத் தேர்ந்துவிட்டு, கட்டங்களில் சதவீதங்களையே நிரப்பிவிடுவது. 80, 20, 57, 43 என்று போட்டுக் கணக்கிட்டால் விடை ஏறத்தாழ 12.3 வரும். உண்மை விடை 3.77. அறுபது நாற்றுகளை இருநூறு நாற்றுகளாக மாற்றிவிட்டதால் வந்த வினை இது, முடிவும் தலைகீழாகிவிடுகிறது. கை-வர்க்கத்தின் மதிப்பு மொத்த எண்ணிக்கையோடு சேர்ந்து வளரும் என்பதால், கட்டங்களுக்குள் எப்போதும் உண்மையான தலை எண்ணிக்கையே போக வேண்டும். 30இல் 80% என்றால் 24, மீதி 6. ‘மீதி’ என்பதையும் மறக்கக் கூடாது. தகுதி பெற்ற 24ஐயும் 17ஐயும் மட்டும் எழுதிவிட்டு, பெறாத 6ஐயும் 13ஐயும் விட்டுவிட்டால் அட்டவணை பாதிதான்.

ஆனால் சதவீதம் வந்தாலே கை-வர்க்கம் என்று புதிய குறுக்குவழி ஒன்றையும் பிடித்துக்கொள்ளாதீர்கள். “பத்து மண் மாதிரிகளின் ஈரப்பதம் சராசரியாக 18%, திட்டவிலக்கம் 3%” என்றால் ஒவ்வொரு மண் மாதிரிக்கும் தனக்கென்று ஒரு சதவீதம் இருக்கிறது. ஒன்றில் 15.2%, இன்னொன்றில் 20.1%. இங்கே சதவீதம் ஓர் அளவீடு, எனவே டி. மாணவர்கள் பெற்ற மதிப்பெண் சதவீதமும் அப்படித்தான். பதிவேட்டின் ஒரு வரிக்குள் சதவீதம் உட்கார முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முடிந்தால் அளவீடு. எல்லா வரிகளையும் கூட்டிய பிறகுதான் சதவீதம் பிறக்கிறது என்றால் அது எண்ணிக்கை.

‘எண்ணிக்கை’ என்ற சொல்லும் இப்படியே இரண்டு பக்கமும் சாயும். “ஒவ்வொரு செடியிலும் உள்ள இலைகளின் எண்ணிக்கை கணக்கிடப்பட்டது, ஒரு குழுவின் சராசரி 14.2, மற்றதன் சராசரி 11.8” என்றால் ஒரு செடியின் வரியில் 14 என்றோ 9 என்றோ ஓர் எண் இருக்கிறது. இது டி சோதனைக் கேள்வி. “பூச்சி தாக்கிய செடிகளின் எண்ணிக்கை ஒரு குழுவில் 14, மற்றதில் 9” என்றால் ஒரு செடியின் வரியில் ‘தாக்கியது’ அல்லது ‘தாக்கவில்லை’ மட்டுமே. இது கை-வர்க்கம். ‘செடிகளின் எண்ணிக்கை’ என்பதற்கும் ‘ஒவ்வொரு செடியிலும் எண்ணிக்கை’ என்பதற்கும் உள்ள இடைவெளியைத்தான் வினாத்தாள் சோதிக்கிறது. ‘ஒவ்வொரு’, ‘தலா’, ‘ஒருவருக்கு’ போன்ற சொற்கள் தென்பட்டால் நின்று படியுங்கள். கண்டிப்பான புள்ளியியலாளர் இலை எண்ணிக்கை போன்றவற்றுக்கு வேறு முறைகளையும் பரிந்துரைப்பார், குறிப்பாக எண்ணிக்கைகள் 0, 1, 2 என்று மிகச் சிறியவையாக இருந்தால். தேர்வுக் கேள்வியில் சராசரியும் திட்டவிலக்கமும் தந்துவிட்டால் எதிர்பார்ப்பது டிதான்.

அட்டவணையாகத் தரப்பட்டிருந்தால் கை-வர்க்கம் என்ற எண்ணமும் பலரிடம் இருக்கிறது. அட்டவணையின் கட்டங்களுக்குள் இருப்பது என்ன என்பதே முக்கியம். இரண்டு உரம், இரண்டு மண்வகை, நான்கு கட்டங்கள், கட்டங்களில் 61.3, 58.9, 55.0, 52.7 என்று இருந்தால் அவை சராசரி உயரங்கள். அந்த அட்டவணையில் கை-வர்க்கம் போடவே கூடாது. கட்டங்களைக் கூட்டினால் மொத்த ஆட்களின் எண்ணிக்கை வர வேண்டும் என்பதுதான் சோதித்துப் பார்க்கும் வழி. 24 + 6 + 17 + 13 = 60; அறுபது நாற்றுகள், சரி. 61.3 + 58.9 + 55.0 + 52.7 கூட்டினால் எதுவும் வராது. தசமப்புள்ளியோ செ.மீ., கிராம் போன்ற அலகோ கட்டத்துக்குள் தெரிந்தால் அது நிகழ்வெண் அல்ல. எதிர்பார்க்கப்படும் நிகழ்வெண்ணில் தசமம் வரலாம், 20.5 வந்ததைப் பார்த்தோம். கண்டறிந்த நிகழ்வெண்ணில் வராது.

இதுவரை இரண்டு குழுக்களைப் பற்றியே பேசினேன். ஒரே குழு, அதனுடன் ஒப்பிட ஒரு கூற்று என்ற வகையிலும் இதே கேள்விதான் வழிகாட்டும். “பொட்டலத்தின் எடை சராசரியாக 500 கிராம் என்று நிறுவனம் சொல்கிறது, 16 பொட்டலங்களை எடை போட்டதில்...” என்றால் ஒரு பொட்டலத்துக்கு ஓர் எடை, எனவே ஒரு மாதிரி டி சோதனை. கூற்று ஒற்றை எண்ணாக இல்லாமல் விகிதமாக வந்தால், அதாவது ‘9:3:3:1’, ‘எல்லா நாட்களிலும் சமமாக’, ‘நான்கில் ஒரு பங்கு’ என்று வந்தால், அது பொருத்துதலின் செம்மையைப் பார்க்கும் கை-வர்க்கம். கிரிகோர் மெண்டல் 1866இல் வெளியிட்ட பட்டாணித் தரவு இதற்குப் பாடநூல்கள் விடாமல் எடுத்தாளும் எடுத்துக்காட்டு: 556 விதைகளில் உருண்டை மஞ்சள் 315, சுருங்கிய மஞ்சள் 101, உருண்டை பச்சை 108, சுருங்கிய பச்சை 32. ஒரு விதையை எடுத்தால் அதன்மேல் இருப்பது ‘உருண்டை மஞ்சள்’ என்ற பெயர்தான், எந்த அளவும் இல்லை. 9:3:3:1 என்றால் எதிர்பார்ப்பு 312.75, 104.25, 104.25, 34.75. கை-வர்க்க மதிப்பு 0.47, டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் 3, அட்டவணை மதிப்பு 7.815. விகிதம் நன்றாகவே பொருந்துகிறது. இந்த வகைக் கேள்வியில் குழு என்று ஒன்றுமே இல்லாததால் சிலர் கை-வர்க்கத்தை நினைத்தே பார்ப்பதில்லை. வரிசைகளும் நெடுவரிசைகளும் இருந்தால்தான் கை-வர்க்கம் என்பதில்லை, ஒரே வரிசை போதும்.

‘முன்பு, பின்பு’ என்று வந்தால் கூடுதலாக ஒரு கணம் செலவிட வேண்டும். ஒரே ஆளிடம் இரண்டு முறை அளந்தால் இணை டி சோதனை. “10 பேரின் எடை பயிற்சிக்கு முன்னும் பின்னும் அளக்கப்பட்டது” என்பதில் ஒரு வரியில் இரண்டு எடைகள் இருக்கும். செய்ய வேண்டியது அவற்றின் வித்தியாசத்தை எடுத்து அந்தப் பத்து வித்தியாசங்களின் சராசரி பூச்சியமா என்று பார்ப்பது. வித்தியாசங்களின் சராசரி 2 கிலோ, அவற்றின் திட்டவிலக்கம் 2.5 கிலோ என்று வைத்துக்கொண்டால் t = 2 ÷ (2.5/√10) = 2.53. டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் 9, அட்டவணை மதிப்பு 2.262, வேறுபாடு உறுதி. இதையே இரண்டு தனிக் குழுக்கள் என்று நினைத்து, முன், பின் எடைகளின் திட்டவிலக்கம் தலா 8 கிலோ என்று போட்டால் t = 0.56க்கு விழுந்துவிடும். ஆளுக்கு ஆள் எடை மாறுவது 8 கிலோ என்ற பெரிய அளவில் இருப்பதால், ஒவ்வொருவரிடமும் நிகழ்ந்த 2 கிலோ மாற்றம் அதில் மூழ்கிப்போகிறது.

வகைப் பெயரும் இரண்டு முறை பதிவானால்? “விளக்கப்படம் பார்ப்பதற்கு முன் 50 பேரில் 20 பேர் ஆம் என்றனர், பார்த்த பின் 30 பேர் ஆம் என்றனர்.” வகைப் பெயர்தான், ஆகவே கை-வர்க்கம் என்று 20, 30, 30, 20 போட்டால் தவறு. கட்டங்களைக் கூட்டிப் பாருங்கள், 100 வருகிறது, ஆட்களோ 50 பேர். ஒவ்வொருவரும் இரண்டு முறை எண்ணப்பட்டிருக்கிறார். சாதாரணக் கை-வர்க்கத்தின் அடிப்படை நிபந்தனையே ஓர் ஆள் ஒரு கட்டத்தில் ஒரே முறை என்பதுதான். இங்கே வேண்டியது மெக்நெமர் சோதனை. அதற்குத் தேவை மனம் மாறியவர்கள் மட்டும்: இல்லையிலிருந்து ஆமுக்கு 12 பேர், ஆமிலிருந்து இல்லைக்கு 2 பேர் என்றால் (12 − 2)² ÷ (12 + 2) = 7.14, அதை 3.841உடன் ஒப்பிடலாம். மனம் மாறியவர் விவரம் தராமல் 20, 30 மட்டும் தந்தால் இந்தச் சோதனையைச் செய்யவே முடியாது. உங்கள் பாடத்திட்டத்தில் மெக்நெமர் இல்லையென்றால் இப்படிப்பட்ட கேள்வி வர வாய்ப்பும் குறைவு.

இதுவரை சொன்னவை உறுதியானவை. எந்தப் பாடநூலைத் திறந்தாலும் மாறாது. சில இடங்களில் விடை கேள்வி எழுதியவரின் மரபைப் பொறுத்தது. ‘மிகவும் திருப்தி’ முதல் ‘மிகவும் அதிருப்தி’ வரை 5, 4, 3, 2, 1 என்று மதிப்பிடும் கேள்விகள் அப்படிப்பட்டவை. அந்த 4 ஓர் அளவா, வெறும் பெயரா என்பதில் துறைக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. உளவியல், மேலாண்மை ஆய்வுகளில் சராசரி எடுத்து டி சோதனை போடுவது வழக்கம். 4க்கும் 5க்கும் உள்ள இடைவெளி 2க்கும் 3க்கும் உள்ளதற்குச் சமம் என்று யார் சொன்னது என்று கேட்டு அதை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். தேர்வில் இதைத் தீர்க்க முயல வேண்டாம். சராசரி 3.8, திட்டவிலக்கம் 0.9 என்று தந்தால் டி. ‘மிகவும் திருப்தி 18 பேர், திருப்தி 25 பேர்...’ என்று தலை எண்ணிக்கை தந்தால் கை-வர்க்கம். இந்த ஒரு வகைக் கேள்வியில் மட்டும், தரவு எந்த வடிவில் தரப்பட்டது என்பதையே தீர்ப்பாக எடுத்துக்கொள்ளலாம்.

திசை பற்றிய வாசகமும் கொஞ்சம் சிக்கலானது. “உரம் அ, உரம் ஆவைவிட மேலானதா?” என்று கேட்டால் அது ஒருபக்கக் கேள்வி. டி சோதனையில் இதற்கு நேரடி வழி உண்டு: அட்டவணை மதிப்பை ஒருபக்கத்துக்கு மாற்றிக்கொண்டால் போதும். கை-வர்க்கத்தில் விலகலை வர்க்கமாக்கிவிடுவதால் எந்தப் பக்கம் விலகியது என்பது அழிந்துபோகிறது. நம் நாற்றுத் தகுதிக் கணக்கில் இது உண்மையிலேயே முடிவை மாற்றும். இரண்டு விகிதங்களை ஒப்பிடும் இசட் சோதனையைப் போட்டால் கிடைக்கும் மதிப்பு 1.94. அதை வர்க்கமாக்கினால் அதே 3.77, இரண்டும் ஒரே சோதனைதான். இருபக்கத்தில் 1.96ஐத் தாண்டவில்லை, ஒருபக்கத்தில் 1.645ஐத் தாண்டிவிடுகிறது. எனவே தலை எண்ணிக்கைத் தரவோடு ‘மேலானதா’, ‘அதிகமா’ என்று கேட்டு, பாடத்திட்டத்தில் விகிதங்களுக்கான இசட் சோதனையும் இருந்தால், அதைப் போடுவதே பொருத்தம். ‘வேறுபடுகிறதா’ என்று மட்டும் கேட்டால் எதைப் போட்டாலும் சரி.

கடைசியாக ஒரு பொறி. “ஓர் இயந்திரம் தயாரிக்கும் ஆணிகளின் நீளத்தில் திட்டவிலக்கம் 0.5 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. 20 ஆணிகளில் அது 0.7 மி.மீ. எனக் காணப்பட்டது.” ஓர் ஆணிக்கு ஒரு நீளம், அளவீடுதான். ஆனால் கேட்கப்படுவது சராசரியைப் பற்றி அல்ல, சிதறலைப் பற்றி. இங்கே டி உதவாது. பயன்படுவது கை-வர்க்கப் பரவல்:

```
χ² = (n − 1)s² / σ²
   = 19 × 0.49 / 0.25
   = 37.24
```

டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் 19, ஒருபக்க 5% மதிப்பு 30.14, எனவே சிதறல் அனுமதித்ததைவிட அதிகம் என்று முடிவு செய்யலாம். நிகழ்வெண் அட்டவணையில் போடும் கை-வர்க்கத்தோடு இதற்குப் பெயர் ஒன்றுதான், வேலை வேறு. அளவீடு என்று கண்டுகொண்ட பிறகும், கேள்வி சராசரியைக் கேட்கிறதா, சிதறலைக் கேட்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட வேண்டியிருப்பது இதனால்தான். அதேபோல அளவீடு, ஆனால் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குழுக்கள் என்றால் டி சோதனையை இரண்டிரண்டாகப் போடாமல் மாறுபாட்டுப் பகுப்பாய்வுக்குப் போக வேண்டும். கை-வர்க்கத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, மூன்று உரமோ ஐந்து உரமோ அட்டவணையில் ஒரு வரிசை கூடும், அவ்வளவுதான். அதற்கு உள்ள கட்டுப்பாடு வேறு: எதிர்பார்க்கப்படும் நிகழ்வெண் ஏதாவது கட்டத்தில் 5க்குக் கீழே போனால், அருகிலுள்ள வகைகளைப் பொருள் கெடாமல் சேர்த்துக்கொள்ளச் சொல்வது பாடநூல் வழக்கம். இரண்டுக்கு இரண்டு அட்டவணையில் சேர்க்க வகை மிச்சம் இருக்காது, அங்கே ஃபிஷரின் துல்லியச் சோதனை தேவைப்படும். கவனிக்க வேண்டியது எதிர்பார்க்கப்படும் எண்ணை. கண்டறிந்த எண் 2 ஆகவோ 0 ஆகவோ இருப்பது மட்டுமே ஒரு குறையல்ல.

விடைத்தாளில் சூத்திரத்துக்கு முன் இன்மைக் கருதுகோளை எழுதும்போதே தேர்வு சரியா என்பது தெரிந்துவிடும். டி என்றால் அந்த வரியில் ‘சராசரி’ என்ற சொல்லும் அதன் அலகும் தானாக வந்து உட்காரும்: “இரண்டு உரங்களிலும் நாற்றின் சராசரி உயரம் சமம்.” கை-வர்க்கம் என்றால் “நடவுத் தகுதி உர வகையைச் சார்ந்ததல்ல” என்றோ, “விதைகள் 9:3:3:1 விகிதத்தில் உள்ளன” என்றோ வரும். ‘சராசரித் தகுதி’ என்றோ ‘உயரம் உள்ளவர், இல்லாதவர்’ என்றோ எழுத நேர்ந்தால் பேனாவை வைத்துவிட்டு, தரவு சொல்லும் வரிக்குத் திரும்பிப் போங்கள்.